கார்மேகம் கிழித்த ஸ்பீக்கர்

கார்மேகத்துக்குக் கரகரப்பு ஆகாது. சிலருக்குப் பல்லி ஆகாது, சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, இவருக்குக் கரகரப்பு. டீக்கடை ரேடியோ இரைந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய், ஸ்டேஷனைச் சரியாகத் திருகிவிட்டு வந்துதான் மிச்ச டீயைக் குடிப்பார். கடைக்காரர் முறைப்பார். இவர் கண்டுகொள்ள மாட்டார்.

சிவகங்கைப் பக்கம் மைக் செட் போட்டுப் பழகிய காது அது. கல்யாண வீட்டில் பாட்டு லேசாகக் கரகரத்தாலும் பந்தியில் இருந்து யாராவது ஒரு மாமன் எச்சில் கையோடு எழுந்து வந்து, "செட்டுக்காரன் எவன்டா?" என்று கேட்பார். கேட்டது ஊருக்கே கேட்கும். அந்தத் தொழிலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ரிப்பேருக்கு ஒரு பொருள் கைக்கு வந்தால், சொன்ன பழுதை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது அசிங்கம். திறந்தது திறந்தாயிற்று, உள்ளே என்னென்ன சீக்கு இருக்கிறதோ அத்தனையையும் பார்த்து, தூசி தட்டித் துடைத்து, புதுசு போலக் கொடுக்க வேண்டும். கேட்டதை மட்டும் செய்கிறவனை அங்கே அரைகுறை என்பார்கள்.

துபாய்க்கு வந்து இருபது வருடத்தை நெருங்குகிறது. அல் கூஸில் ஒரு சவுண்ட் கம்பெனி கிடங்கில் டெக்னீஷியன் வேலை. பெரிய ஹோட்டல்களில் கோட்டு போட்டவர்கள் பேசுகிற கூட்டங்களுக்கு ஸ்பீக்கரும் மைக்கும் வாடகைக்குப் போகும். போய் அடிபட்டுத் திரும்பும். இவர் சரிசெய்து மறுபடி அனுப்புவார். "கார்மேகம் பாய் கை வெச்சா ப்ராப்ளம் மாஃபி" என்று, அப்புறம் பிரச்சினையே இல்லை என்கிற அர்த்தத்தில், கம்பெனி டிரைவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் கார்மேகம் கேட்காதவர் போலக் குனிந்துகொள்வார். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருக்கும்.

அந்தப் பேருக்கு வேட்டு வைக்கப் பக்கத்துக் கிடங்கிலேயே ஆள் இருந்தது.

பக்கத்துக் கிடங்கு ஏசி உதிரிபாகம் விற்கிற ஒருவருடையது. அவர் மகன் ஃபவாஸ் டிரம்ஸ் அடிப்பான். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மூலையை ஒழித்துக்கொண்டு, ருமைஸா, சம்யுக்தா என்ற இரண்டு பெண்களும் அவனும் வாரம் ஒருமுறை கூடுவார்கள். சம்யுக்தாவிடம் கீபோர்டு போன்ற ஒரு பழைய ஆர்கன். பொம்மைக் கடையில் விற்கும் சாமானோ என்று தோன்றும், கீச்சென்று கத்தும். ருமைஸாதான் பாட்டு, கிடார் இரண்டும். கீழக்கரையில் இருந்து வந்து டெய்ராவில் துணிக்கடை வைத்திருக்கும் கலீலுர் ரஹ்மானின் மகள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேச ஆரம்பித்தால் பாதி வழியில் இங்கிலீஷுக்குள் இறங்கிக்கொள்வாள். எல்லாருக்கும் இருபதும் சில்லறையும்தான் வயது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஆரம்பித்தால் இந்தப் பக்கம் கார்மேகத்துக்குத் தலை வலிக்கும். கிடார் சத்தம் தகரத்தைத் தரையில் போட்டு இழுப்பது போல வரும். குரலும் அப்படித்தான், நல்ல பெண் குரல், ஆனால் காய்ச்சலில் தொண்டை கட்டியவள் போலக் கேட்கும். 'பாவம், கிழிஞ்ச ஸ்பீக்கரை வெச்சிக்கிட்டு மாரடிக்குதுங்க' என்றுதான் அவர் நினைத்தார். நிஜமாகவே இரக்கப்பட்டார். வந்த வினைக்கு அந்த இரக்கம்தான் காரணம்.

ஒரு திங்கட்கிழமை ருமைஸா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், இது ஆன் ஆகமாட்டேங்குது. லைட்டே வரல. அதை மட்டும் பாத்துத் தர்றீங்களா, ப்ளீஸ்?"

அதை மட்டும் என்றுதான் சொன்னாள். அந்தச் சொல் கார்மேகத்தின் காதில் ஏறியதா என்றால், ஏறவில்லை.

சாம்பல் நிற ரெக்ஸின் ஒட்டிய மரப்பெட்டி. உள்ளே கண்ணாடி வால்வுகள் மினுங்குகிற அமெரிக்க ஆம்ப்ளிஃபயர். அறுபதுகளின் நடுவில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகத் தபால் கேட்டலாகில் போட்டு விற்ற மலிவுச் சரக்கு. துபாயைக் காலி செய்துகொண்டு போன ஓர் அமெரிக்கக் குடும்பத்திடம் சோபா, மேசையோடு சேர்த்து விலைக்கு வந்ததாம். அங்கே நூற்றுப்பத்து வோல்ட், இங்கே இருநூற்றிருபது என்பதால் நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

சுவிட்ச் கருகியிருந்தது. அதை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? டீ ஆறுவதற்குள் விளக்கு எரிந்தது. பெட்டி அப்போது திறந்து கிடந்தது. திறந்து கிடக்கிற பெட்டியைக் கண்டால் கார்மேகத்துக்குக் கை சும்மா இருக்காது.

முதலில், பவர் பகுதியின் கண்டென்சர்கள் உப்பிப்போய் உம்மென்று ஓர் இரைச்சலைக் கொடுத்துக்கொண்டிருந்தன. மாற்றினார். அடுத்து, கிடாருக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை என்று இரண்டும் ஒரே வால்வுக்குள் போயின. ஐந்து வாட் தாங்குகிற ஏழை ஆம்ப்பில் கிடாரையும் குரலையும் ஒன்றாகத் திணித்தால் அது திணறாமல் என்ன செய்யும்? திணறி, ஒலி அலையின் தலையையும் காலையும் வெட்டி வெளியே அனுப்பும். அதுதான் கரகரப்பு. நல்ல ஆம்ப்பில், வெளியே வரும் சத்தத்தில் ஒரு துளியை எடுத்து முன்பக்கத்துக்கே திருப்பி அனுப்பி, தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ள வழி வைத்திருப்பார்கள். செலவைக் குறைத்த அமெரிக்கன் அந்த வழியையே வைக்கவில்லை. கார்மேகம் ஒரு ரெசிஸ்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்து அதையும் உண்டாக்கினார். கடைசியாக ஸ்பீக்கர். சாப்பாட்டுத் தட்டு அளவு. காகிதக் கூம்பில் பல இடங்களில் கிழிசல், ஓர் ஓரத்தில் யாரோ பிளேடால் கீறியே விட்டிருந்தார்கள். எந்தப் படுபாவி வேலையோ என்று வைதுகொண்டே, மறுநாள் சத்வா கடைத்தெருவுக்குப் போய், அதே அளவில் புது ஸ்பீக்கர் ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கி வந்தார். பழையதை வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். ரெக்ஸினுக்குக்கூடப் பாலிஷ் போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை மாலை தானே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். ருமைஸா கிடாரைச் செருகி ஒரு தட்டு தட்டினாள்.

மணி அடித்தது போலச் சுத்தமாக வந்தது சத்தம்.

கார்மேகம் சிரித்துக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. ருமைஸா இன்னொரு முறை, இன்னும் பலமாகத் தட்டினாள். இன்னும் சுத்தமாக வந்தது. சம்யுக்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கிள்... பழைய ஸ்பீக்கர் எங்க?"

"அது கிழிஞ்சு போச்சும்மா. புதுசு போட்ருக்கேன். நீங்க ஒண்ணும் தர வேணாம்."

"எங்க அங்கிள் அது?"

"குப்பையில போட்டேன்ல."

நாலு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். தொட்டி காலியாக இருந்தது. காலையிலேயே லாரி வந்து அள்ளிப் போயிருந்தது. ருமைஸா அந்தத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காரில் கீறல் விழுந்ததற்கு அழுகிற பணக்காரப் பிள்ளை அழுகை இல்லை, மூக்கு ஒழுக அழுதாள். நல்லது செய்து ஒரு பெண்ணை அழவைத்த அனுபவம் கார்மேகத்துக்கு அதுவரை கிடையாது.

ஃபவாஸ்தான் விளக்கினான். அவன் அப்பா கடையை மூடுகிறார். குடும்பமே கனடா போகிறது, ஞாயிற்றுக்கிழமை மாலை விமானம். கிடங்கும் கைமாறிவிட்டது. ஞாயிறு காலை அவர்கள் மூன்று பேரும் கடைசியாகக் கூடி, ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்வதாக இருந்தார்கள். இரண்டு வருடமாக அந்தக் கிழிந்த ஸ்பீக்கரை நம்பி உண்டாக்கிய பாட்டு.

"ஞாயித்துக்கிழமை போனா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது அங்கிள். அப்புறம் நாங்க மூணு பேர் ஒரே ஊர்ல இருக்கப்போறதே இல்ல," என்றான்.

"அதுக்கென்னப்பா, இப்பதான் சத்தம் நல்லா வருதே. ஜோரா பாடுங்க," என்றார் கார்மேகம். மனதாரச் சொன்னார். மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மெல்ல வெளியே நழுவினார்.

அன்று தொழிலாளர் கேம்ப்புக்குத் திரும்பியதும் மனைவி நாகவள்ளிக்குப் போன் போட்டார். ஆறு பேர் படுக்கிற ரூம். டியூட்டி முடிந்து வந்தவர்கள் தூங்குவார்கள் என்பதால், போனை வாயோடு ஒட்டிவைத்து முணுமுணுப்பாகத்தான் பேசுவார். எந்த நாளும் அப்படித்தான்.

"நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். ஒரு சமாச்சாரம், நல்லா செஞ்சு குடுத்ததுக்கு ஒரு பொண்ணு அழுவுது."

நாகவள்ளி முழுக்கக் கேட்டாள். "கிழிஞ்சதுதான் வேணும்னா கிழிச்சே குடுத்துருங்களேன். இதுல என்ன இருக்கு?" என்றாள்.

சொல்வது சுலபம். ஆனால் அவருக்கும் வேறு வழி தோன்றவில்லை. வியாழக்கிழமை மதிய இடைவேளையில் போய், ஞாயிற்றுக்கிழமைக்குள் பழைய சத்தத்தைக் கொண்டுவந்து தருவதாக ருமைஸாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்கு கொடுத்த பிறகுதான், கெட்டுப்போன ஒன்றைச் சரியாக்கத் தெரியுமே தவிர, சரியான ஒன்றைச் சரியாகக் கெடுக்கத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது.

"மொதல்ல எனக்கு ஒண்ணு புரியணும்மா. இந்தக் கரகரப்புல அப்படி என்னதான் இருக்கு?"

ருமைஸா போனில் சில பாட்டுகளைப் போட்டுக் காட்டினாள். எல்லாம் அறுபத்தைந்து, அறுபத்தாறில் வந்தவை. கார்மேகத்துக்கு எல்லாமே ஒரே வாந்தியாகத்தான் கேட்டது.

"இங்கிலாந்துல இருந்து பெரிய பெரிய பேண்டெல்லாம் டிவில வந்தாங்க அங்கிள், சிக்ஸ்டி ஃபோர்ல. அதப் பாத்துட்டு அமெரிக்கால தெருவுக்குத் தெரு ஸ்கூல் பசங்க பேண்ட் ஆரம்பிச்சாங்க. அப்பாவோட காரை வெளிய நிறுத்திட்டு கராஜ்லதான் ப்ராக்டிஸ். காசு இல்ல, கிடார்ல மூணே மூணு சுரக் கூட்டுதான் வாசிக்கத் தெரியும். கேட்டலாக்ல வாங்குன கிடார், இந்த மாதிரி ஆம்ப். ஃபஸ்னு ஒரு குட்டிப் பெட்டி, பேட்டரில ஓடும், அது கிடார இன்னும் கரகரன்னு ஆக்கும். ஊர்ல இருக்குற சின்ன ஸ்டூடியோல ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, தப்போ ரைட்டோ அடிச்சு முடிச்சுட்டு வந்துருவாங்க. கொஞ்சம் இசைத்தட்டு போடுவாங்க. ஸ்கூல் டான்ஸ்ல விப்பாங்க, லோக்கல் ரேடியோல வரும். அவ்ளோதான். ரெண்டு மூணு வருஷத்துல ஒருத்தன் காலேஜ் போயிருவான், ஒருத்தன் வியட்நாம் சண்டைக்குப் போயிருவான். எல்லாம் மறந்தாச்சு."

"மறந்தாச்சுல்ல. அப்புறம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"செவன்ட்டி டூல ஒருத்தர் அந்த மாதிரிப் பாட்டெல்லாம் சேத்து ரெண்டு தட்டா போட்டாரு. அப்ப ராக் மியூசிக்கே பெரிய ஸ்டூடியோ, அரை மணி நேரப் பாட்டுன்னு ரொம்பப் பாலிஷா ஆயிருந்துச்சு. திடீர்னு இதக் கேட்டவங்களுக்கு ஷாக். வாசிக்கவே தெரியாம, ஆனா உசுரக் குடுத்து வாசிக்கிறான். அப்புறம் ஆளாளுக்குப் பழைய மார்க்கெட்ல குப்பையக் கிளறி, யாருக்குமே தெரியாத தட்டையெல்லாம் தேடி எடுத்தாங்க. கராஜ் மியூசிக்ங்குற பேரே பின்னாடி வெச்சதுதான்."

கார்மேகம் யோசித்தார். மைக் செட்டுக்காரனுக்கு வரவேண்டிய சந்தேகம்தான் வந்தது.

"சரிம்மா. அந்தப் பசங்ககிட்ட ஒருத்தன் போயி, இந்தா நல்ல ஆம்ப்பு, நல்ல ஸ்டூடியோ, சும்மா எடுத்துக்கோன்னு குடுத்துருந்தா, வேணாம்னா சொல்லியிருப்பானுங்க?"

ருமைஸா ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள்.

"இல்ல. வாங்கிருப்பாங்க."

"அப்ப அவனுக்கே வேண்டாத கரகரப்பு உங்களுக்கு எதுக்கு? அவன் கதியத்து வெச்சிருந்தான். நீங்க ஆசைப்பட்டுல்ல வெச்சிருக்கீங்க."

"தெரியல அங்கிள்," என்றாள் அவள். நிஜமாகவே தெரியாமல் விழித்தாள். "அதுல யாரும் நடிக்கலைன்னு தோணும். நம்ம போட்டா நடிப்பா ஆயிருமோன்னும் பயமா இருக்கும். ஆனா அந்த ஸ்பீக்கர்ல பாடும்போது மட்டும் அந்தப் பயம் வராது."

இதைக் கேட்டுக் கார்மேகத்துக்கு முன்னைவிட அதிகமாகக் குழம்பிற்று. கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

வேலையில் இறங்கினார். தான் பற்றவைத்த ரெசிஸ்டரைக் கழற்றி எறிய ஒரு நிமிடம். ஆம்ப் பழையபடி திணற ஆரம்பித்தது. அது போதாது, மீதி முழுக்க அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. பழைய ஒத்திகைகளை ருமைஸா போனில் பதிந்து வைத்திருந்தாள். அவற்றை ஹெட்போனில் கேட்டார். பழுதைக் கண்டுபிடிக்கக் கேட்டே பழகிய காது, இப்போது பழுதை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. மெதுவாகத் தட்டினால் அந்தக் கிழ ஸ்பீக்கர் ஓரளவு ஒழுங்காகவே பேசியிருக்கிறது. ஓங்கி அடித்தால்தான் கிழிசல்களின் உதடுகள் ஒன்றோடொன்று உரசிக் கத்தியிருக்கின்றன. அடிக்கிற கைக்குத் தகுந்தபடி கத்தல். அது கார்மேகத்துக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

புது ஸ்பீக்கரைக் கழற்றி மேசைமேல் வைத்து, பிளேடை எடுத்தார். பத்துப் பதினைந்து வினாடி அப்படியே நின்றுவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு கீறினார். மாட்டிப் பார்த்தால் டர்ரென்று ஓர் ஈ பறக்கிற சத்தம். அவ்வளவுதான். ருமைஸா உதட்டைப் பிதுக்கினாள்.

"இது கிழிஞ்ச சத்தம் அங்கிள். அது கத்துற சத்தம்."

புதுக் காகிதம் விறைப்பாகவும் திடமாகவும் இருந்தது, பிளேடு வெட்டிய விளிம்பு சீராக இருந்தது. சீரான விளிம்பு உரசாது. வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு வேலை முடிந்ததும், ஸ்பீக்கரை வெயிலில் வைத்தார். ஜூன் மாத வெயில். கிடங்கின் பின்பக்கத் தகரத்தின் மேல், வடகம் காயப் போட்டது போல ஸ்பீக்கர் கிடந்தது. டிரைவர் பார்த்துவிட்டு, "கார்மேகம் பாய், தலைக்கு வெயில் ஏறிருச்சா?" என்று கேட்டார். ஏறியிருந்தாலும் ஏறியிருக்கலாம். சனிக்கிழமை எடுத்தபோது காகிதம் அப்பளமாக மொரமொரத்தது. இந்தத் தடவை பிளேடைத் தொடவில்லை. விரல் நகத்தால் பிய்த்தார். நார் நாராக விளிம்பு நின்றது. ஒரு கிழிசல், மாட்டிக் கேட்பது, மறுபடி ஒரு கிழிசல். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கிடங்கின் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாலையில் ருமைஸா ஓங்கி ஓர் அடி அடித்தாள். பெட்டி கத்தியது.

"அதேதானா?" என்றார் இவர்.

"அதே இல்ல." தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஆனா கிட்ட வந்துருச்சு."

"கூம்பு ரொம்ப நொந்து கிடக்கு. எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாதும்மா."

ஞாயிறு காலை பதிவு. அதுவும் அந்தக் காலத்து முறையில்தான் நடக்க வேண்டுமாம். ஓர் ஏணியில் இருந்து நடு அறையில் ஒரே ஒரு மைக் தொங்கியது. அது ஒரு பழைய டேப் ரெக்கார்டருக்குப் போனது. டிரம்ஸ், ஆர்கன், ஆம்ப் மூன்றும் காற்றில் கலந்து அந்த மைக்குக்குள் போவதுதான் கணக்கு. தனித்தனியாக எடுத்துப் பிறகு சேர்ப்பது, தப்பை அழிப்பது, எதுவும் கிடையாது. ஏசி இரைச்சல் பதிவாகும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். ஷட்டரை இறக்கியதும் கிடங்கு அடுப்பானது. ஸ்பீக்கரைக் கண்காணிக்க, ஆம்ப்புக்குப் பின்னால் கார்மேகம் குத்த வைத்து உட்கார்ந்தார்.

முதல் தடவை ஃபவாஸ் வேகம் கூட்டி விட்டான். இரண்டாம் தடவை வியர்வையில் சம்யுக்தாவின் விரல் வழுக்கியது. மூன்றாம் தடவை ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஏதோ நடப்பது கார்மேகத்துக்கே தெரிந்தது. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மூன்று பேரும் பயத்தை விட்டிருந்தார்கள். ஊரை விட்டுப் போகிறவன் அடிக்கிற அடியாக இருந்தது ஃபவாஸின் அடி. ருமைஸா ஆம்ப்பில் செருகிய தன் மைக்கை விழுங்கிவிடுவது போல நின்று பாடினாள்.

முக்கால் பாட்டு போயிருக்கும். கூம்பின் ஒரு கிழிசல் மெல்ல உள்பக்கம் நகர்ந்தது. கார்மேகம் பார்த்தார். நகர்ந்து நகர்ந்து நடுவில் இருக்கும் கம்பிச்சுருளை, அந்தக் காயிலைத் தொட்டது. காயில் ஒருபக்கம் சாய்ந்து காந்தத்தில் தேய்ந்தது. கழுத்தைப் பிடித்து நெரிக்கும்போது வருகிற சத்தம் ஒன்று வந்தது. காயில் அறுந்துபோனால், மின்சாரத்தைத் தள்ளிவிடப் போக்கிடம் இல்லாமல் ஆம்ப்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே வெந்துவிடும். அறுபது வருடத்துப் பொருள். இன்னொன்று கிடைக்காது.

"ஏய்! நிறுத்து! நிறுத்து! எரியப் போவுது!"

அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? இன்னும் உரக்கக் கத்தினார். அதே நொடியில் காயில் அறுந்தது. கிடாரும் குரலும் ஒரே பெட்டிக்குள் போனதால் இரண்டும் ஒன்றாகச் செத்தன. ருமைஸாவின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. ஃபவாஸ் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தான். ஆர்கன் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அவற்றின் மேலே மனிதக் குரல் என்று மிச்சம் இருந்தது கார்மேகத்தின் குரல் ஒன்றுதான்.

"அய்யோ போச்சே! எல்லாம் போச்சே! என் கையாலயே கெடுத்தேனே!"

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். டிரம்ஸ் இரண்டு அடியோடு நின்றது. ஆம்ப் பிழைத்தது, ஸ்பீக்கர் போய்விட்டது. நாலாம் தடவைக்கு வழி இல்லை. ஃபவாஸின் அப்பா வாசலில் ஹார்ன் அடித்தார்.

கார்மேகம் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரே வாரத்தில் ஒரே பெண்ணை இரண்டாம் முறை நாசம் செய்தாயிற்று. நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. ருமைஸா டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டாள். பாட்டு ஓடியது. நெரிபட்ட சத்தம் வந்தது. திடீரென்று எல்லாம் அறுந்து, ஒரு மனிதன் உயிர் போகிற மாதிரி கத்துவது அறை முழுக்க நிறைந்தது.

சம்யுக்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஃபவாஸ் கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். ருமைஸாவின் கண்ணில் நீர் நின்றது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த என் சத்தத்தை மட்டும் வெட்டிருங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கும்பிட்டார் கார்மேகம்.

"வெட்ட முடியாது அங்கிள். ஒரே மைக். உங்களை வெட்டுனா டிரம்ஸும் போயிரும். முடிஞ்சாலும் வெட்ட மாட்டேன். இந்தப் பாட்டுல அந்த இடம்தான் நல்லா இருக்கு."

ஃபவாஸ் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வியர்வையோடு வியர்வை ஒட்டியது. பிறகு அவன் போய்விட்டான்.

கிண்டல் செய்கிறார்களா, நிஜமாகவே சொல்கிறார்களா என்று கார்மேகத்துக்குத் தெரியவில்லை. கேம்ப்புக்கு நடந்து போகும்போதும் அதே யோசனை. ரூமுக்குள் போகப் பிடிக்காமல், வெளியே தண்ணீர் டாங்க் நிழலில் உட்கார்ந்தார். பதிவை ருமைஸா போனில் ஏற்றி அதற்குள் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். யாரிடமாவது காட்டிக் கேட்டாக வேண்டும் போல இருந்தது. நாகவள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவள் கேட்டு முடிக்கும் நேரம் பார்த்துப் போன் போட்டார்.

"ஏங்க, கடைசில கத்துறது யாரு, நீங்களா?"

"ஆமா. நான்தான். தெரியாமப் பதிவாயிருச்சு. அசிங்கமா இருக்குல்ல?"

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"இத்தனை வருசமா போன் பண்றீங்க," என்றாள் நாகவள்ளி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், சாப்பிட்டேன். எதிர்ல ரெக்கார்டு ஓடுற மாதிரியே இருக்கும். எங்கம்மா செத்தன்னிக்கும் அதே குரல்லதான் பேசுனீங்க. எனக்கு இங்க ஆளே இல்லாத மாதிரி இருக்கும்."

"ரூம்ல எல்லாரும் தூங்குவாங்க வள்ளி..."

"தெரியும். நான் ஒண்ணும் குறை சொல்லல." மூக்கை உறிஞ்சினாள். "இதைக் கேட்டதும் நீங்க வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருந்துச்சு. இன்னொரு தடவை போடுங்க."

"உன் போன்லயேதான் இருக்கு. நீயே அமுக்கிக் கேளு."

"நீங்களே போடுங்க."

எதிரே டேங்கர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. கார்மேகம் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு கரகரப்புக்கு ஒரு பெண் ஏன் சிரிக்கிறாள், இன்னொருத்தி ஏன் அழுகிறாள் என்பது அவருக்கு இப்போதும் விளங்கவில்லை. பக்கத்து ரூம்காரரிடம் இருந்து இன்னொரு போனைக் கடன் வாங்கி, அதற்குப் பாட்டை அனுப்பி ஓடவிட்டு, தன் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரு ஸ்பீக்கரில் இருந்து வந்து இன்னொரு மைக்குக்குள் போய்க் கடல் தாண்டினால் அந்தச் சத்தம் இன்னும் எவ்வளவு கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். பாதியில், வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் சுத்தமாகக் கேட்குமே என்று விரல் தானாகப் போய் ஒரு புள்ளி குறைத்தது.

"குறைக்காதீங்க," என்றாள் நாகவள்ளி.